இரண்டரை, பத்து, கணக்கில்லாதது: ஒரு ரங்கூன் கடையின் ஜகாத், தசமபாகம், தானம்

ஜகாத் இரண்டரை சதவீதம், தசமபாகம் பத்து சதவீதம், அப்படியானால் கிறிஸ்தவர் முஸ்லிமைவிட நான்கு மடங்கு கொடுக்கிறார். பௌத்தருக்கு விகிதமே கிடையாது, அதனால் அவர் எல்லோரையும்விடக் குறைவாகக் கொடுப்பார். ரங்கூனில் மூன்று மதத்தாரும் ஒரே தெருவில் கடை வைத்திருப்பதால் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். இரண்டு முடிவுமே தவறு. சதவீதம் என்ன என்று கேட்பவர்கள், எதன்மேல் அந்தச் சதவீதம் என்று கேட்காமல் விடுவதால் வருகிற தவறு இது.

ஜகாத் பெரும்பாலும் குதிரில் கிடக்கும் நெல்லை அளக்கிறது. தசமபாகம் களத்தில் அடித்த நெல்லை அளக்கிறது. பர்மியப் பௌத்தரின் தானம் எதையும் அளப்பதில்லை, உலையிலிருந்து நேரே அள்ளிப் போடுகிறது. இருப்பு, வரவு, அன்றாடச் செலவு என்று மூன்றும் வெவ்வேறு இடத்தில் கை வைக்கின்றன. அதனால் ஒரே குடும்பத்தை மூன்றும் மூன்று விதமாகத் தொடும். நல்ல வருஷத்தில் ஒன்று கனக்கும், கெட்ட வருஷத்தில் இன்னொன்று கனக்கும்.

இதை ஒரு கடையை வைத்தே பார்ப்போம். ரங்கூனில் மொத்தமும் சில்லறையுமாக வியாபாரம் செய்யும் ஒரு தமிழ் மளிகைக் கடை. எண்கள் கணக்குக்காக வைத்தவை. கியாட்தா என்ற பர்மியத் தங்க எடையில் ஒரு கியாட்தா தங்கம் 60 லட்சம் கியாட் என்று கொள்கிறோம். வாசிக்கிற நாளின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொண்டால் போதும், முறை மாறாது.

கடைக்காரர் முஸ்லிம் என்றால்

முதலில் ஒரு தேதி வேண்டும். கையிலுள்ள செல்வம் நிஸாப் என்ற குறைந்தபட்ச அளவை முதன்முதலில் தொட்ட ஹிஜ்ரி நாள்தான் அந்தத் தேதி. அன்றிலிருந்து ஒரு சந்திர வருஷம் கழிந்ததும் ஜகாத் கடமையாகிறது. பலர் ரமழானில் கொடுத்தால் நன்மை அதிகம் என்று அதுவரை தள்ளிவைக்கிறார்கள். தேதி ரஜபில் வந்தால் ரஜபில்தான் கணக்கு முடிக்க வேண்டும். முன்கூட்டிக் கொடுக்கலாம், காரணமில்லாமல் தாமதிக்கக் கூடாது. ஏப்ரலுக்கு ஏப்ரல் என்று ஆங்கில வருஷத்தில் கணக்கை முடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சந்திர வருஷம் 354 நாள்தான். 33 ஆங்கில வருஷத்துக்குள் 34 ஹிஜ்ரி வருஷம் வந்துவிடும், ஒரு முழு ஜகாத் சத்தமில்லாமல் விட்டுப்போகும். ஆங்கிலத் தேதியை விட முடியாத கடைகள் 2.5-க்குப் பதில் 2.577 சதவீதம் போட்டு இதைச் சரிக்கட்டுகின்றன.

அடுத்து நிஸாப். தங்கத்தில் 87.48 கிராம் என்பது ஏழரை தோலாவிலிருந்து வருகிற கணக்கு. 85 கிராம் என்று எடுப்பவர்களும் உண்டு. ரங்கூன் நகைக்கடையில் கிராமில் பேச மாட்டார்கள். ஒரு கியாட்தா ஏறக்குறைய 16.33 கிராம். ஆகவே 87.48 கிராம் என்பது 5.36 கியாட்தா. 60 லட்சம் விலையில் ஏறக்குறைய 322 லட்சம் கியாட். இந்த எண்ணை போன வருஷத்து நோட்டிலிருந்து எடுத்து எழுதுவது பர்மாவில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. கியாட்டின் மதிப்பு சரியச் சரியத் தங்கத்தின் கியாட் விலை ஏறுகிறது. பழைய நிஸாபை வைத்தால் ஜகாத் கடமையில்லாதவர்கூடக் கடமைப்பட்டவராகத் தெரிவார், வாங்கத் தகுதியுள்ள ஏழைகூடத் தகுதியற்றவராகத் தெரிவார்.

இனி கடை. தேதியன்று ரொக்கமும் வங்கியிலும் சேர்த்து 150 லட்சம். சரக்கை வாங்கிய விலையில் எழுதினால் 360 லட்சம். அதை விட்டுவிட்டு அன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அதை எழுத வேண்டும், 420 லட்சம். திரும்பி வரும் என்று நம்பிக்கையுள்ள கடன்பாக்கி 60 லட்சம். சந்தேகத்துக்குரிய பாக்கி இன்னும் 25 லட்சம் இருக்கிறது, அது கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சேமிப்பாக வாங்கி வைத்த சுத்தத் தங்கம் 2 கியாட்தா, 120 லட்சம். கூட்டினால் 750 லட்சம். கடைக் கட்டடம், அலமாரி, தராசு, குளிர்பெட்டி, மோட்டார் சைக்கிள், குடியிருக்கும் வீடு ஒன்றும் இதில் சேராது. விற்பதற்கென்று வைத்திருப்பது சேரும், விற்க உதவுவது சேராது.

மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது 150 லட்சம் இருக்கிறது. இங்கே எந்த மத்ஹப், அதாவது எந்த இஸ்லாமியச் சட்டப் பிரிவு, என்று பார்க்க வேண்டும். தமிழ் முஸ்லிம்களில் ஷாஃபிகளும் உண்டு, ஹனஃபிகளும் உண்டு. ஹனஃபி முறையில் கடனைக் கழித்து 600 லட்சத்துக்கு இரண்டரை சதவீதம், 15 லட்சம். ஷாஃபி மத்ஹபில் வலுவான கருத்துப்படி கடன் ஜகாத்தைத் தடுக்காது. 750 லட்சத்துக்கும் கணக்கு, 18 லட்சத்து 75 ஆயிரம். எது குறைவோ அதை எடுத்துக்கொள்வோம் என்று இங்கே ஒரு மத்ஹபும் அங்கே ஒரு மத்ஹபுமாகத் தாவுவது கூடாது.

பலர் கவனிக்காத இடம் மனைவியின் நகை. ஜகாத் குடும்பக் கணக்கல்ல, ஆள் கணக்கு. அவரிடம் 3 கியாட்தா நகை இருந்தால் அதைக் கணவனின் 2 கியாட்தாவோடு சேர்த்து ஐந்து என்று எழுதக் கூடாது. ஷாஃபி முறையில் வழக்கமாக அணிகிற அளவான நகைக்கு ஜகாத் இல்லை. ஹனஃபி முறையில் உண்டு. 3 கியாட்தா நிஸாபைத் தொடவில்லையே என்று அங்கேயும் விட்டுவிட முடியாது. அவர் கையில் 5 லட்சம் ரொக்கமும் இருந்தால் தங்கத்தையும் ரொக்கத்தையும் மதிப்பில் சேர்த்து, 612.36 கிராம் வெள்ளி என்ற நிஸாபோடு ஒப்பிடுவது ஹனஃபி உலமாக்களின் வழக்கம். வெள்ளி நிஸாப் தங்க நிஸாபைவிடப் பல மடங்கு குறைவு. ஆகவே 185 லட்சத்துக்கு 4 லட்சத்து 62 ஆயிரத்து 500 கியாட் அவர் பெயரில் கடமையாகிறது. கணவன் கொடுத்து உதவலாம், ஆனால் கடமை அந்த அம்மாவுடையது, அவர் சம்மதத்தோடு கொடுக்க வேண்டும்.

பர்மாவில் இந்த நகைக் கணக்கு சின்ன விஷயமல்ல. 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடு எதுவும் தராமல் செல்லாததாக்கப்பட்டன. 1964-லும் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாததாக்கப்பட்டன. நோட்டை நம்பாமல் தங்கத்தில் சேமிப்பது இந்த ஊரில் வீட்டுக்கு வீடு உள்ள பழக்கம். இருப்பின்மேல் விழும் ஜகாத் அந்தச் சேமிப்பைத்தான் தேடிப் பிடிக்கிறது. வியாபாரத்தில் போடாமல் பூட்டிவைத்த தங்கம் வருஷா வருஷம் இரண்டரை சதவீதம் கரையும். ஓடாத பணத்தை ஓட வைக்கும் ஏற்பாடு என்று பொருளாதார அறிஞர்கள் ஜகாத்தைப் பற்றிச் சொல்வது இதை வைத்துத்தான்.

கடைக்காரர் கிறிஸ்தவர் என்றால்

அதே கடை, அதே சரக்கு. மாத விற்பனை 200 லட்சம், எல்லாச் செலவும் போக லாபம் 20 லட்சம், வீட்டுச் செலவு 15 லட்சம். தசமபாகம் இருப்பைக் கேட்பதில்லை. வரவில் பத்தில் ஒன்று கேட்கிறது. எந்த வரவு? சம்பளக்காரருக்குப் பெரிய குழப்பமில்லை, வரி பிடிப்பதற்கு முன்னா பின்னா என்ற ஒன்றுதான். கடைக்காரருக்கு அப்படியல்ல. விற்பனையில் பத்தில் ஒன்று என்றால் மாதம் 20 லட்சம், லாபம் முழுதும் போய்விடும், வீட்டில் அடுப்பு எரியாது. லாபத்தில் பத்தில் ஒன்று என்றால் 2 லட்சம், வருஷத்துக்கு 24 லட்சம். சொந்தத் தொழில் செய்பவர் லாபத்தின்மேல்தான் கணக்குப் போட வேண்டும். கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகும் அரிசி, பருப்பு, எண்ணெயையும் வருமானமாக எழுதாவிட்டால் அந்த லாபமே பொய்யாகிவிடும்.

இந்தக் குடும்பத்துக்குத் தசமபாகம் 24 லட்சம், ஜகாத் 15 லட்சம். பத்துக்கும் இரண்டரைக்கும் நடுவே இருக்கிற நாலு மடங்கு எங்கே போயிற்று பாருங்கள். அடுத்த வருஷம் வியாபாரம் படுத்து லாபமே இல்லை என்று வைத்துக்கொண்டால், தசமபாகம் பூஜ்யம். சரக்கும் ரொக்கமும் அப்படியே இருந்தால் ஜகாத் மறுபடி 15 லட்சம். மறுபக்கம், அந்தக் கடையில் வேலை செய்யும் பையன் மாதம் 5 லட்சம் வாங்கி அத்தனையையும் செலவழிக்கிறான், சேமிப்பில்லை. அவனுக்கு ஜகாத் கிடையாது, அவனே ஜகாத் வாங்கத் தகுதியுள்ளவனாகவும் இருக்கலாம். தசமபாகம் என்றால் மாதம் 50 ஆயிரம் அவனும் வைக்க வேண்டும். வசதியுள்ளவனின் பத்து சதவீதமும் இல்லாதவனின் பத்து சதவீதமும் சமமல்ல என்பது தசமபாகத்தின்மேல் உள்ள நியாயமான குறை. பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது விகிதம் சொல்லாமல், அவனவன் மனதில் தீர்மானித்தபடி கொடுக்கட்டும் என்று விட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, பல சபைகள் பத்தை விதியாக வைக்காமல் வழிகாட்டியாக மட்டும் வைக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையும் நிலையான விகிதம் எதையும் விதிப்பதில்லை.

பழைய ஏற்பாட்டில் இது விவசாயிகளின் முறை. நெல்லை வைத்துப் பார்த்தால்தான் இதன் பலவீனம் தெரியும். ஐராவதி முகத்துவாரத்தில் ஒருவர் மழையை நம்பி 200 கூடை நெல் எடுக்கிறார், விதை, கூலி எல்லாம் 120 கூடைக்குச் சமம். விளைச்சலில் பத்தில் ஒன்று 20 கூடை. மிச்சம் 60. அவர் பம்பு வைத்துத் தண்ணீர் பாய்ச்சி 300 கூடை எடுக்கிறார் என்றால், கூடுதல் செலவு 90 கூடை. இப்போது தசமபாகம் 30. 300-இல் செலவு 210-ஐயும் தசமபாகம் 30-ஐயும் கழித்தால் மறுபடி 60. பம்பு வைத்த உழைப்புக்கு ஒரு கூடைகூட லாபமில்லை. மொத்த விளைச்சலின்மேல் விழும் தசமபாகம் நிலத்தை மேம்படுத்துவதைத் தடுக்கிறது என்று ஆடம் ஸ்மித் குறை சொன்னது இதைத்தான். இங்கிலாந்தில் 1836-ஆம் வருஷச் சட்டம் விளைபொருளாகக் கொடுக்கும் தசமபாகத்தை, ஏழு வருஷத் தானிய விலையின் சராசரியை ஒட்டிய பணக் கட்டணமாக மாற்றியது. 1936-இல் அந்தக் கட்டணத்தையும் ஒழித்தார்கள்.

ஜகாத் விளைச்சலுக்கும் உண்டு, அறுவடை அன்றே கடமையாகும், வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மழையில் விளைந்ததற்குப் பத்து சதவீதம், செலவு செய்து நீர் பாய்ச்சியதற்கு ஐந்து. அதே விவசாயி முஸ்லிமாக இருந்தால் முதலில் 20 கூடை, பம்பு வைத்தபின் 15 கூடை. அவர் கையில் மிஞ்சுவது 60-இலிருந்து 75 ஆகிறது. உழைப்பையும் முதலீட்டையும் பார்த்து விகிதத்தைக் குறைக்கும் இந்த ஏற்பாடு, மத வரிகளின் வரலாற்றிலேயே மிகக் கூர்மையான சிந்தனைகளில் ஒன்று.

பழைய தசமபாகத்தில் இன்று பல சபைகள் மறந்துபோன ஒரு பகுதி இருக்கிறது. பத்தில் ஒன்று லேவியருக்குப் போனது, காரணம் அவர்களுக்கு நிலப்பங்கு இல்லை. லேவியரும் தாம் வாங்கியதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுத்தார்கள். உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின்படி, மூன்றாம் வருஷத்துப் பங்கு ஊருக்குள்ளேயே வைக்கப்பட்டு லேவியனும் பரதேசியும் அனாதையும் விதவையும் சாப்பிட்டார்கள். இன்றைய சபை வரவுசெலவில் போதகர் சம்பளம், கட்டடம், மின்சாரம், சங்கத்துக்கு அனுப்பும் பங்கு எல்லாம் லேவியர் கணக்கில் வருபவை. விதவையும் அனாதையும் எந்த வரியில் இருக்கிறார்கள்? சபையின் வருடாந்திர அறிக்கையைக் கையில் எடுத்து அந்த ஒரு வரியைத் தேடினால் போதும். வரியே இல்லையென்றால் மூன்றாம் வருஷம் தொலைந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு ஏழைகள் கண்ட வழி கைப்பிடி அரிசி. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, வாரம் ஒருமுறை சபைக்குக் கொடுப்பது. சின் மலைக்கு அந்தப் பக்கம் மிசோரமில் சபைகள் இந்த அரிசியை வைத்தே பெரிய பணிகளை நடத்துகின்றன. தமிழ்ச் சபைகளுக்கும் இது பழக்கமானதுதான். விகிதம் கேட்காமல் உலையிலிருந்து எடுப்பதால், இந்த வழக்கம் தசமபாகத்தைவிடத் தானத்துக்கு நெருக்கமானது.

சைவ வணிகர்களின் மகமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மொகல் தெருவில் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த நகரத்தார் கடைகள், கோயிலுக்கும் தருமத்துக்கும் மகமை எழுதிக் கொடுத்தன. தமிழ்நாட்டு நாடார் சந்தைகளில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். வேதத்தில் எழுதிய விகிதம் அல்ல இது, வணிகர் தமக்குள் கூடி விதித்துக்கொண்டது.

கடைக்காரர் பௌத்தர் என்றால்

பக்கத்துக் கடைக்காரர் பர்மியப் பௌத்தர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பிக்குகள் வரிசையாகப் பிச்சை ஏற்க வரும்போது, அவர் வீட்டில் தினம் இரண்டு பால்டின் அரிசியைச் சோறாக்கிப் போடுகிறார்கள். பர்மாவில் அரிசி அளக்கும் சின்ன அளவு அந்தக் கெட்டிப்பால் டின்தான். எட்டு டின் ஒரு பியி. ஆகவே நாளுக்குக் கால் பியி, வருஷத்துக்கு 91 பியி. 24 பியி கொண்ட மூட்டையில் ஏறக்குறைய நான்கு மூட்டை. மூட்டை 2 லட்சம் என்றால் 8 லட்சம், கறி தனி. எந்த நோட்டிலும் இது ஏறுவதில்லை, கேட்டால் அவர் தானக் கணக்கில் சொல்லவும் மாட்டார். உலக நாடுகளின் கொடைப் பழக்கத்தை வரிசைப்படுத்திய உலகக் கொடைக் குறியீட்டில் 2014 முதல் 2017 வரை மியான்மர் முதலிடத்தில் இருந்தது (2014-இல் அமெரிக்காவோடு சேர்ந்து). ஏழை நாடு எப்படி முதலிடம் பிடித்தது என்று ஆச்சரியப்பட்டார்கள். அந்தக் குறியீடு கடந்த ஒரு மாதத்தில் கொடுத்தீர்களா என்று கேட்டது, எவ்வளவு என்று கேட்கவில்லை. தினமும் சோறு போடுகிற ஊரில் அதற்கு விடை எப்போதும் ஆமாம்தான்.

விகிதம் இல்லாத இடத்தில் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? வாங்குபவரின் கட்டுப்பாட்டிலிருந்து வருகிறது. வினயம் என்ற துறவு விதிகளின்படி பிக்கு நண்பகலுக்குப் பின் உண்ணக் கூடாது, வாங்கிய உணவை மறுநாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது, பொன்னையும் பணத்தையும் ஏற்கக் கூடாது. பணம் கொடுக்க விரும்புகிறவர் கப்பியர் என்ற இல்லறப் பணியாளரிடம் கொடுக்க, அவர் மடத்துக்குத் தேவையானதை வாங்கித் தருவார். ஆகவே சோறு சேர முடியாது. இன்று வந்தது இன்று முடிந்து நாளை மறுபடி கிண்ணம் காலி. மிஞ்சியது மடத்துப் பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்கும் நாய்களுக்கும் போகிறது.

பிக்குகளுக்குக் கொடுக்கும் கதினச் சீவரம் என்ற துறவாடைக்கும் இப்படி ஒரு வேலி இருக்கிறது. மழைக்கால வாசம் முடிகிற தடிஞ்யுட் பௌர்ணமியிலிருந்து தசௌங்மோன் பௌர்ணமி வரை உள்ள ஒரு மாதத்துக்குள்தான் கொடுக்க முடியும். ஒரு மடத்துக்கு வருஷத்தில் ஒரே கதினம், கொடுத்த துணி அன்றைக்கே சீவரமாக முடிய வேண்டும். ஷ்வேடகோனில் அந்தப் பௌர்ணமிக்கு முந்தைய இரவு பெண்கள் விடிய விடியத் தறியில் போட்டியிட்டுச் சீவரம் நெய்வதும் இதே காலத்தில் நடக்கும் வழக்கம்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் ஜகாத்தும் தானமும் எதிரெதிராக நிற்கின்றன. ஜகாத் வாங்குபவரின் தேவையைப் பார்க்கிறது. குர்ஆன் 9:60 எட்டு வகையினரைச் சொல்லி வாசலை அடைத்துவிடுகிறது: வறியவர், தேவையுடையவர், வசூலிக்கும் ஊழியர், உள்ளம் இணக்கப்பட வேண்டியவர், அடிமை மீட்பு, கடனாளி, இறைவழி, வழிப்போக்கர். தானம் வாங்குபவரின் சீலத்தைப் பார்க்கிறது. பிக்குகளின் கூட்டமான சங்கம் ஈடில்லாத புண்ணிய வயல். மிருகத்துக்குக் கொடுத்தாலும் நூறு மடங்கு பலன் என்று சொல்லும் அதே சூத்திரம், சீலம் உயர உயரப் பலனும் உயரும் என்றும், தனி ஒரு பிக்குவுக்குக் கொடுப்பதைவிடச் சங்கத்துக்குக் கொடுப்பது மேலானது என்றும் வரிசை வைக்கிறது.

இதனால் வருகிற கோளாறு கண்ணுக்குத் தெரியும். சயாதோ என்று அழைக்கப்படும் பெயர்பெற்ற மூத்த பிக்குவின் மடத்தில் சீவரங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும், நாலு தெரு தள்ளி உள்ள மடத்தில் அரிசி பற்றாது. இளஞ்சிவப்பு ஆடையில் சமைக்காத அரிசி வாங்க வரும் தீலஷின் என்ற பெண் துறவிகளுக்கு, பிக்குகளுக்கு விழுவதைவிடக் குறைவாகவே விழும். இதற்கு மருந்தும் வினயத்துக்குள்ளேயே இருக்கிறது. சலாகபத்தம் என்ற சீட்டு முறை அது. தோதலின் மாதத்தில் பல ஊர்களில் நடக்கும். கொடுப்பவர்கள் தட்டுகளைத் தயார் செய்து வைக்க, எந்தத் தட்டு எந்த மடத்துக்கு என்று சீட்டு எடுத்துத் தீர்மானிப்பார்கள். எனக்குப் பிடித்த சயாதோவுக்கே போகட்டும் என்று சொல்ல வழியில்லை. அதனால் கொடை தனி ஆளுக்கு அல்லாமல் சங்கத்துக்கே போய்ச் சேருகிறது, பங்கீடும் பரவலாகிறது.

சோற்றுக்கு வேலி இருக்கிறது, நிலத்துக்கு அப்படி இல்லை. பகானில் 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை அரசரும் செல்வரும் மடங்களுக்கும் பகோடாக்களுக்கும் நிலத்தை எழுதி வைத்தார்கள். அந்த நிலத்துக்கு வரியில்லை, திரும்ப எடுக்கவும் முடியாது. வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போன இந்த நிலம் அரசின் வரிவருவாயைத் தின்றுவிட்டது என்றும், பகானின் வீழ்ச்சிக்கு அது ஒரு முக்கியக் காரணம் என்றும் வரலாற்றாளர் மைக்கேல் அவுங்-த்வின் வாதிட்டார். மற்ற வரலாற்றாளர்கள் வேறு காரணங்களையும் முன்வைக்கிறார்கள். ஆனால் நடைமுறை விளங்கக்கூடியது: சேர முடியாத கொடைக்கு உச்சவரம்பு தேவையில்லை, சேரக்கூடிய கொடைக்கு உச்சவரம்பு இல்லாவிட்டால் அது யாராவது ஒருவரின் வரியைத் தின்னும். அரசர்கள் சங்கத்தைத் தூய்மைப்படுத்துகிறோம் என்று அவ்வப்போது நிலத்தை மீட்டதும் இதனால்தான்.

குடும்பத்துக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. மகனை இளந்துறவியாக்கும் ஷின்பியு சடங்குக்குச் சேமிப்பு மொத்தத்தையும் செலவழித்து, கடனும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஜகாத் நிஸாபுக்குக் கீழே இறங்காது, தசமபாகம் பத்தில் நிற்கும். தானத்தை நிறுத்துவது கொடுப்பவரின் மனம் மட்டுமே. கொடுக்கும் முன்னும், கொடுக்கும்போதும், கொடுத்த பின்னும் மனம் மகிழ்ந்திருக்க வேண்டும் என்பது தானத்தின் இலக்கணம். கடன்காரன் வாசலில் நிற்கும்போது மூன்றாவது மகிழ்ச்சி இருக்காது. இதை உணர்ந்த குடும்பங்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே பந்தலில் பிள்ளைகளுக்கு ஷின்பியு செய்கின்றன. நீர் வார்த்துப் புண்ணியத்தைப் பகிரும்போது கேட்டவர்கள் எல்லோரும் சாது சாது சாது என்று சொல்லிப் பங்கெடுக்கிறார்கள். பகிர்வதால் புண்ணியம் குறையாது என்பதால், கூட்டாகச் செய்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

வாங்குபவர் மறுக்கவும் முடியும். கிண்ணத்தைக் கவிழ்த்தல் என்ற வினயச் செயலின் மூலம் சங்கம் ஒருவரின் தானத்தை ஏற்காமல் விடலாம். 1990-லும் 2007-லும் பிக்குகள் இராணுவ ஆட்சியினரின் தானத்தை இப்படி மறுத்தார்கள். புண்ணியம் தேடுகிறவனுக்கு வாங்க ஆளில்லாமல் போவதுதான் பெரிய தண்டனை.

எந்தப் பணம் எதற்கு

2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை, ரமழானின் கடைசி ஜும்ஆ நேரத்தில் சகாயிங், மாண்டலே பக்கம் 7.7 அளவில் நிலம் அதிர்ந்தது. பள்ளிவாசல்கள் தொழுதுகொண்டிருந்தவர்கள்மேல் இடிந்தன, பகோடாக்களும் மடங்களும் விழுந்தன. இப்படி ஒரு நேரத்தில், பெட்டியில் இருக்கும் பணம் எந்தப் பணம் என்பது உடனே கேள்வியாகிறது.

வீடிழந்து கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் முஸ்லிம் குடும்பத்துக்கு ஜகாத்தைக் கொடுக்கலாம், அரிசியாகவோ பணமாகவோ அவர் கையில் சேர்ந்து அவருக்கே உடைமையாக வேண்டும். அடுத்த வருஷத்து ஜகாத்தை முன்கூட்டியே எடுத்தும் கொடுக்கலாம். ஆனால் இடிந்த பள்ளிவாசலைக் கட்ட ஜகாத்தை எடுக்கக் கூடாது என்பதே நான்கு மத்ஹபுகளின் பொதுவான நிலை. கட்டடம் எதையும் உடைமையாக்கிக்கொள்ள முடியாது, எட்டு வகையிலும் அது இல்லை. பக்கத்து வீட்டு பௌத்தருக்கோ இந்துவுக்கோ உதவ ஜகாத்தைத் தொடுவதையும் பெரும்பாலான உலமாக்கள் ஏற்பதில்லை. இரண்டுக்கும் விரும்பிக் கொடுக்கும் சதகா இருக்கிறது, அதற்கு விகிதமும் இல்லை, மத வேலியும் இல்லை. அதனால்தான் பொறுப்பான ஜமாஅத்துகள் ஜகாத், சதகா என்று இரண்டு பெட்டி, இரண்டு ரசீதுப் புத்தகம் வைக்கின்றன. ரசீதில் எது என்று குறிக்காமல் வாங்கிய பணம் பின்னால் எங்கேயும் போக முடியாமல் முடங்கும்.

சபையில் தசமபாகம் பொதுக் கணக்கில் விழுகிறது, எடுக்க நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். அந்தத் தாமதத்தைத் தவிர்க்கச் சபைகள் இடருக்கென்று தனிக் காணிக்கை எடுக்கின்றன. அது யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். கொடுப்பவர் தசமபாகத்திலிருந்தே அதைக் கழித்துக்கொள்ளலாமா என்பதைக் காணிக்கை எடுக்கும் அன்றே சபை அறிவித்துவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் அடுத்த மாதம் போதகர் சம்பளத்தில் குறை விழும்.

மடங்களில் தீர்மானம் போட வேண்டியதில்லை. வீடிழந்தவர்கள் வந்து தங்கினால், காலையில் பிக்குகளுக்கு விழும் சோறே அவர்களுக்கும் போகும். ஆனால் கதினத்துக்கென்றும் பகோடா பொன்தகட்டுக்கென்றும் பெயர் குறித்துக் கொடுத்ததைக் கப்பியர் தம் விருப்பப்படி அரிசியாக மாற்ற முடியாது. அவர் கொடுத்தவரைத் தேடிப்போய்ச் சம்மதம் கேட்க வேண்டும்.